கன்வெர்ஷன் தாமதம்: இரண்டு நாள் கணக்கை வைத்து ஒரு பிரச்சாரத்தை ஏன் தீர்மானிக்கக் கூடாது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இணைய விளம்பரம் நடத்துவோர் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களிலும் ஒரே ஒரு உதாரணப் பிரச்சாரம்தான் வருகிறது. அதன் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை; செலவு எந்த நாணயத்திலும் இல்லாமல் ‘அலகு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

கன்வெர்ஷன் தாமதம் என்றால் என்ன?

ஒருவர் விளம்பரத்தைக் க்ளிக் செய்த நேரத்துக்கும் அவர் பொருளை வாங்கிய, அதாவது கன்வெர்ஷன் நடந்த, நேரத்துக்கும் இடையே உள்ள கால இடைவெளிதான் அது. சிலர் க்ளிக் செய்த அரை மணி நேரத்தில் வாங்கிவிடுவார்கள். சிலர் விலையை ஒப்பிட்டு, வீட்டில் கலந்து பேசி, அடுத்த வாரம் திரும்பி வந்து வாங்குவார்கள். ஆகவே தாமதம் என்பது ஒரு தனி எண் அல்ல. மொத்தம் வாங்கப்போகிறவர்களில் எத்தனை சதவீதம் பேர் எத்தனை நாளுக்குள் வாங்கி முடிக்கிறார்கள் என்று காட்டும் ஒரு வளைவு அது. இதைத் தாமத வளைவு என்று அழைக்கிறேன்.

நம் உதாரணப் பிரச்சாரத்தின் வளைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கப்போகிறவர்களில் 15 சதவீதம் பேர் க்ளிக் செய்த அன்றே வாங்குகிறார்கள். மறுநாள் முடிவில் அது 25 சதவீதமாகிறது. 7 நாள் கழித்து 78 சதவீதம், 10 நாள் கழித்து 88 சதவீதம், 14 நாள் கழித்து 95 சதவீதம், 30 நாளில் முழுமை.

இரண்டு நாள் ஓடிய பிறகு ஒரு கன்வெர்ஷனுக்கு 500 அலகு செலவாகியிருக்கிறது. இலக்கு 120. இனியும் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஏனெனில் அந்த 500 என்ற எண்ணின் மேல்பாதியான செலவு முழுமையானது, கீழ்ப்பாதியான கன்வெர்ஷன் எண்ணிக்கை அரைகுறையானது. செலவு க்ளிக் விழுந்த அந்த நொடியே கணக்கில் ஏறிவிடுகிறது; அந்தச் செலவு ஈட்டித் தரப்போகும் விற்பனையோ இன்னும் வந்து சேரவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிரச்சாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. நாளொன்றுக்கு 1000 க்ளிக், ஒரு க்ளிக்குக்கு 2 அலகு, ஆக நாளொன்றுக்கு 2000 அலகு செலவு. க்ளிக் செய்தவர்களில் 2 சதவீதம் பேர் என்றாவது ஒரு நாள் வாங்குவார்கள்; அதாவது ஒவ்வொரு நாள் க்ளிக்குகளும் கடைசியில் 20 கன்வெர்ஷன்களைத் தரும். செவ்வாய் இரவு நிலவரம் என்ன? திங்கட்கிழமைக் க்ளிக்குகளுக்கு ஒரு நாள் வயதாகியிருக்கிறது, அவற்றின் 20-இல் 25 சதவீதம், அதாவது 5 வந்திருக்கும். செவ்வாய்க்கிழமைக் க்ளிக்குகள் அன்றைய பொழுதை மட்டுமே கண்டவை; அவற்றிலிருந்து 15 சதவீதம், அதாவது 3 வந்திருக்கும். மொத்தம் 8. செலவு 4000 அலகு. 4000-ஐ 8-ஆல் வகுத்தால் 500.

அதே 4000 அலகுச் செலவு ஒரு மாதத்துக்குப் பிறகு 40 கன்வெர்ஷன்களாக நிற்கும்; ஒன்றுக்கு 100 அலகு. இலக்கான 120-ஐ விடக் குறைவு. அதாவது லாபகரமான ஒரு பிரச்சாரம் இரண்டாம் நாள் இரவில் இலக்கைப் போல நான்கு மடங்குக்கு மேல் மோசமாகத் தெரிகிறது. பிரச்சாரத்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுநாளுக்குள் 25 சதவீதம் வந்துவிடும் என்றீர்களே. அப்படியானால் இரண்டு நாள் முடிவில் கையில் 25 சதவீதம் இருக்க வேண்டாமா?

இருக்காது. மேலே 40-இல் 8 தான் வந்தது. அது 20 சதவீதம். 25 சதவீத முதிர்ச்சியை எட்டியவை முதல் நாள் க்ளிக்குகள் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரச்சாரத்தில் பல வயதுள்ள க்ளிக்குகள் கலந்திருக்கும். பிரச்சாரத்தின் வயது வேறு, அதிலுள்ள க்ளிக்குகளின் சராசரி வயது வேறு. ‘பிரச்சாரம் தொடங்கி ஏழு நாள் ஆகிவிட்டது, ஒரு வாரத்தில் முடிவெடுப்பவர்கள் எல்லோரும் வாங்கியிருப்பார்கள்’ என்ற வாதமும் இதே காரணத்தால்தான் தவறாகிறது. ஏழாம் நாள் இரவில் ஏழாம் நாளின் க்ளிக்குகளுக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

போன மாத அறிக்கையை இன்று மறுபடி எடுத்தால் கன்வெர்ஷன் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தரவில் பிழையா?

பெரும்பாலும் பிழை இல்லை. கூகுள் ஆட்ஸில் `Conversions` என்ற பத்தி, விற்பனையை அது நடந்த தேதியில் எழுதுவதில்லை; அதற்குக் காரணமான க்ளிக் எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதியில் எழுதுகிறது. 28-ஆம் தேதி க்ளிக் செய்தவர் அடுத்த மாதம் 6-ஆம் தேதி வாங்கினால், அந்த விற்பனை 28-ஆம் தேதிக் கணக்கில் போய்ச் சேரும். அதனால் கடந்த நாட்களின் எண்கள் கொஞ்ச காலம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

விற்பனை நடந்த தேதிப்படி பார்க்க வேண்டுமென்றால் `Conversions (by conv. time)` என்ற வேறொரு பத்தி இருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸும் நிகழ்வு நடந்த தேதியிலேயே எண்ணுகிறது. இரண்டு கருவிகளிலும் ஒரே வாரத்தைப் பார்த்துவிட்டு எண்கள் பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்களில் பலர், உண்மையில் இரண்டு வெவ்வேறு தேதி முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொருந்தாமைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் முதலில் சரிபார்க்க வேண்டியது இது.

அப்படியானால் எந்தத் தேதி முறையில் பார்ப்பது சரி?

பிரச்சாரத்தின் தரத்தை எடைபோட க்ளிக் தேதி முறையே சரி. ஏனெனில் அதில் ஒரு நாளின் செலவும் அந்தச் செலவு ஈட்டிய விற்பனையும் ஒரே வரியில் நிற்கின்றன. அதன் குறை, அண்மை நாட்கள் எப்போதும் மெலிந்து தெரிவதுதான். அந்தக் குறையை முன்கூட்டியே அறிந்து கழித்துக்கொள்ள முடியும்.

விற்பனைத் தேதி முறையில் அண்மை நாட்கள் மெலிவதில்லை, எண்களும் பின்னால் மாறுவதில்லை. ஆகவே இந்த வாரம் எத்தனை விற்றது என்று கணக்கு ஒப்புவிக்க அது ஏற்றது. ஆனால் அதில் இன்றைய செலவின் எதிரே நிற்பவை பெரும்பாலும் போன வாரச் செலவு ஈட்டிய விற்பனைகள். பட்ஜெட் மாறாமல் இருக்கும் வரை இது தொந்தரவு தராது. மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வி.

பட்ஜெட்டை இரட்டிப்பாக்கிய அன்றே ஒரு கன்வெர்ஷனுக்கான செலவு ஏறிவிட்டது. உடனே பழைய அளவுக்குக் குறைத்தேன், சரியாகிவிட்டது. அப்படியென்றால் கூட்டியது தவறுதானே?

அந்த ஏற்றமும் இறக்கமும் எதையும் நிரூபிக்கவில்லை. நம் உதாரணப் பிரச்சாரம் சில மாதங்களாக ஒரே அளவில் ஓடுகிறது என்று கொள்வோம். விற்பனைத் தேதிப்படி நாளொன்றுக்கு 20 கன்வெர்ஷன். அதில் 3 அன்றைய க்ளிக்குகளிலிருந்து, 17 முந்தைய நாட்களின் க்ளிக்குகளிலிருந்து. ஒன்றுக்கு 100 அலகு. இன்று பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால், புதிய க்ளிக்குகள் பழையவற்றைப் போலவே தரமானவையாக இருந்தாலும், இன்று கூடுவது அந்த 3 மட்டும்தான்; அது 6 ஆகும். பழைய 17 அப்படியே இருக்கும். மொத்தம் 23, செலவு 4000, ஒன்றுக்கு ஏறத்தாழ 174 அலகு. தரத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் செலவு முக்கால் பங்கு கூடிவிட்டதாகத் தோன்றும். பிறகு நாளாக நாளாக அது தானே 100-ஐ நோக்கி இறங்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. அதே நிலையான பிரச்சாரத்தில் பட்ஜெட்டைப் பாதியாகக் குறைத்தால், அன்றைய செலவு 1000. கன்வெர்ஷன் பழைய 17-உடன் ஒன்றரை சேர்ந்து 18.5, ஒன்றுக்கு 54 அலகு. குறைத்தவருக்கு அது பெரிய வெற்றியாகத் தெரியும். உண்மையில் அவர் பார்ப்பது முன்பு செலவழித்த பணத்தின் அறுவடை. அடுத்த இரண்டு வாரங்களில் விற்பனை பாதியாக இறங்கும்போது, அதற்கும் அன்றைய முடிவுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது. கூட்டும்போது தண்டனையும் குறைக்கும்போது பரிசும் கிடைப்பதாகத் தோன்றுவதால், இந்த அறிக்கையைத் தினமும் பார்த்து முடிவெடுப்பவர் பிரச்சாரத்தைச் சிறுகச் சிறுகச் சுருக்கிக்கொண்டே போவார். இரண்டு நாள் கணக்கின் தீங்குகளிலேயே இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பட்ஜெட்டைக் கூட்டும்போது புதிய க்ளிக்குகளின் தரம் உண்மையிலேயே குறைவதும் உண்டு. விளம்பரம் ஆர்வம் குறைந்தவர்களையும் சென்றடைகிறது. அது நடந்ததா என்று அறிய, க்ளிக் தேதி முறையில், கூட்டிய நாளின் க்ளிக்குகளை ஒரே வயதில் பழைய நாட்களோடு ஒப்பிட வேண்டும். கூட்டிய நாளின் க்ளிக்குகள் மூன்று நாள் வயதில் எத்தனை சதவீதம் கன்வெர்ஷன் தந்தன, கூட்டுவதற்கு முந்தைய வாரத்தின் க்ளிக்குகள் அதே மூன்று நாள் வயதில் எத்தனை தந்தன என்று பார்த்தால் உண்மை தெரியும்.

எங்கள் வாடிக்கையாளர்கள் எத்தனை நாளில் முடிவெடுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூகுள் ஆட்ஸில் அறிக்கையை `Days to conversion` என்ற பிரிவின்படி பிரித்துப் பார்த்தால், க்ளிக் முதல் கன்வெர்ஷன் வரை எத்தனை நாள் என்ற பங்கீடு கிடைக்கும். உங்கள் சொந்த ஆர்டர் பதிவேட்டில் க்ளிக் தேதி சேமிக்கப்பட்டிருந்தால் அதைவிட நல்லது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வாங்கிய தேதியிலிருந்து க்ளிக் தேதியைக் கழித்து, அந்த நாள் கணக்கை விரிதாளில் D பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். F பத்தியில் 0, 1, 2 என்று நாட்களை எழுதி, பக்கத்தில் இந்த வாய்ப்பாட்டை இட்டால் வளைவு கிடைத்துவிடும்:

```
=COUNTIFS(D:D,"<="&F2)/COUNT(D:D)
```

இதில் பலரும் தவறவிடும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வயது முற்றிய க்ளிக்குகளை மட்டுமே எடுக்க வேண்டும். கடந்த 14 நாட்களின் க்ளிக்குகளை எடுத்து வளைவு போட்டால், நேற்றைய க்ளிக்குகளிலிருந்து ஒரு நாளுக்குள் வாங்கியவர்கள் மட்டுமே பட்டியலில் இருப்பார்கள். பத்தாம் நாள் வாங்கப்போகிறவர்கள் இன்னும் பதிவாகியிருக்கவே முடியாது. விளைவாக வளைவு உண்மையைவிட வேகமானதாக வரும், ‘எங்கள் வாடிக்கையாளர்கள் சீக்கிரம் முடிவெடுப்பவர்கள்’ என்ற தவறான ஆறுதலும் கிடைக்கும். க்ளிக்குக்குப் பிறகு எத்தனை நாள் வரை நடக்கும் விற்பனையைக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்ற வரம்பு, அதாவது உங்கள் கணிப்புக் காலம், 30 நாள் என்றால், இன்றைக்கு 30 நாளுக்கு முன்பே நடந்து முடிந்த க்ளிக்குகளை மட்டும் எடுங்கள். அந்தக் க்ளிக்குகளின் காலத்திலும் ஒரு முழு மாதமாவது அடங்கியிருக்கட்டும்.

வளைவு தெரிந்துவிட்டால், இரண்டாம் நாளிலேயே பெருக்கி இறுதி எண்ணைக் கண்டுபிடித்துவிடலாமே?

முறை சரியானதுதான். கையில் வந்த 8-ஐ முதிர்ச்சி விகிதமான 0.20-ஆல் வகுத்தால் 40. காப்பீட்டுத் துறையினர், விபத்து நடந்தும் இன்னும் கோரிக்கை வந்து சேராத இழப்புகளை மதிப்பிட நெடுங்காலமாக இதே தர்க்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். செயின் லேடர் என்பது அவர்களது முறையின் பெயர்.

சிக்கல், சிறிய எண்ணைப் பெருக்கும்போது அதிலுள்ள தற்செயலும் சேர்ந்து பெருகுகிறது என்பதே. 8 கன்வெர்ஷன் என்பது அதே பிரச்சாரத்தில் வேறு இரண்டு நாட்களில் 5-ஆகவும் இருந்திருக்கலாம், 12-ஆகவும் இருந்திருக்கலாம். 8 என்று எண்ணப்பட்ட ஒன்றின் உண்மைச் சராசரி, 95 சதவீத நம்பிக்கையில், ஏறத்தாழ 3 முதல் 16 வரை எங்கும் இருக்கலாம். அதை 0.20-ஆல் வகுத்தால் 15 முதல் 80 வரை. ஒரு கன்வெர்ஷனுக்கான செலவு 50 முதல் 267 அலகு வரை. நம் இலக்கான 120 இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாம் நாளில் வளைவைக் கையில் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் நேர்மையான பதில் ‘இன்னும் சொல்ல முடியாது’ என்பதுதான். 500 என்ற பொய்யான உறுதியைவிட அந்தப் பதில் மேலானது. ஏனெனில் அது ஒரு நல்ல பிரச்சாரத்தைக் கொல்லாது.

இரண்டு பிரச்சாரங்களை ஒரே நாளில் தொடங்கினேன். இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டு நாளில் ஒப்பிடலாம் அல்லவா?

இரண்டின் தாமத வளைவும் ஒன்றாக இருந்தால், மேலே சொன்ன சிறிய எண்ணின் நிலையின்மையைத் தவிர வேறு தடை இல்லை. ஆனால் அது அரிதாகவே ஒன்றாக இருக்கும். உதாரணமாக, நம் பிரச்சாரத்தோடு கூடவே, இன்றைக்குள் வாங்கினால் தள்ளுபடி என்று அழைக்கும் இன்னொரு பிரச்சாரமும் ஓடுகிறது. செலவு இரண்டுக்கும் 4000 அலகு. தள்ளுபடிப் பிரச்சாரம் கடைசியில் தரப்போவது 30 கன்வெர்ஷன். ஆனால் அதில் 60 சதவீதம் இரண்டாம் நாள் இரவுக்குள் வந்துவிடுகிறது, அதாவது 18. நம்முடையது 8. அன்றைய அறிக்கையில் 222-க்கு எதிராக 500. மாத முடிவில் 133-க்கு எதிராக 100. முந்தியது பிந்திவிட்டது, அதுமட்டுமல்ல, இரண்டாம் நாளில் வென்றது இலக்கையே தாண்டிவிட்டது.

வளைவுகள் வேறுபடக் காரணங்கள் பல. நிறுவனத்தின் பெயரையே தட்டச்சு செய்து தேடி வருகிறவர் ஏற்கெனவே முடிவெடுத்தவர்; பொருளின் வகையைப் பொதுவாகத் தேடுகிறவர் இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியவர். விலை உயர்ந்த பொருளுக்கு யோசனை நீளும். ஆகவே பிரச்சாரங்களை ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு போட வேண்டும். கணக்கு முழுவதற்கும் ஒரே வளைவு போதாது.

ரீமார்க்கெட்டிங் பிரச்சாரம் இரண்டே நாளில் நல்ல எண்களைக் காட்டுகிறது. அதன் தாமதம் உண்மையிலேயே குறைவா?

ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டும் ரீமார்க்கெட்டிங்கில் அளக்கப்படும் தாமதம் குறைவுதான்; வாங்குகிறவர் யோசித்த காலம் குறைவல்ல. ஒருவர் முதல் விளம்பரத்தைக் க்ளிக் செய்து ஐந்து நாள் யோசித்து, ஆறாம் நாள் ரீமார்க்கெட்டிங் விளம்பரத்தைக் க்ளிக் செய்து அன்றே வாங்குகிறார் என்று கொள்வோம். கடைசிக் க்ளிக்குக்குப் பெருமை தரும் கணக்கு முறையில் இந்த விற்பனை, தாமதமே இல்லாத ஒன்றாக ரீமார்க்கெட்டிங்கின் பெயரில் பதிவாகும். அவர் மனத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கியது முதல் விளம்பரத்தில்.

இதை உணராமல் மெதுவான முதல் பிரச்சாரத்தை நிறுத்தி, பணத்தை எல்லாம் ரீமார்க்கெட்டிங்குக்கு மாற்றுகிறவர்களுக்கு, ஒன்றிரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போகும். பிறகு ரீமார்க்கெட்டிங்கின் எண்களும் வாடத் தொடங்கும்; திரும்ப அழைப்பதற்குப் புதிய ஆட்கள் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஏழு நாள் கணிப்புக் காலம் வைத்திருக்கிறோம். ஏழு நாள் காத்திருந்தால் முழு எண்ணும் கிடைத்துவிடும் அல்லவா?

அந்தக் காலத்துக்குள் எண்ணக்கூடியவை கிடைத்துவிடும். உண்மையான முழு எண் கிடைக்காது. கணிப்புக் காலம் என்பது க்ளிக்குக்குப் பிறகு எத்தனை நாள் வரை நடக்கும் விற்பனையை அந்தக் க்ளிக்கின் கணக்கில் சேர்ப்பது என்ற வரம்பு. மெட்டாவில் இயல்பாக அமைந்திருப்பது க்ளிக்குக்கு 7 நாளும் பார்வைக்கு 1 நாளும். கூகுள் ஆட்ஸில் க்ளிக்குக்கு இயல்பாக 30 நாள், விரும்பினால் 90 வரை நீட்டலாம். நம் வளைவுப்படி 7 நாளுக்குப் பிறகு வரும் 22 சதவீத விற்பனை ஏழு நாள் வரம்பில் எப்போதுமே தெரியாது.

தாமதத்தால் மறைந்திருப்பது காத்திருந்தால் வரும்; வரம்பால் வெட்டப்பட்டது எவ்வளவு காத்திருந்தாலும் வராது. வெட்டப்பட்ட தரவிலிருந்து வளைவு போட்டால் ஏழாம் நாளில் 100 சதவீதம் என்று அழகாக முடியும். வளைவு மெல்லப் படுத்து முடியாமல், வரம்பை எட்டும் வரை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றால், வரம்பு உங்கள் வாடிக்கையாளர்களுக்குக் குறுகலாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் நாளில் எதையுமே பார்க்கக் கூடாதா?

தாமதமில்லாதவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விளம்பரம் காட்டப்படுகிறதா, க்ளிக் விகிதம் எப்படி, ஒரு க்ளிக்கின் விலை எதிர்பார்த்த அளவில் இருக்கிறதா, எந்தத் தேடல் சொற்களுக்கு விளம்பரம் தோன்றுகிறது, க்ளிக் செய்தவர் வந்து சேரும் இறங்கு பக்கம் கைபேசியில் ஒழுங்காகத் திறக்கிறதா ஆகியவை எல்லாம் முதல் நாளிலேயே தெரியும். சம்பந்தமில்லாத தேடல் சொல்லை விலக்குவதற்கு ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை.

கன்வெர்ஷனைப் பொறுத்தவரை ஒரு சோதனை மட்டும் இரண்டாம் நாளிலும் செல்லும்: வந்திருக்க வேண்டிய எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. நம் பிரச்சாரத்தில் அந்நேரம் 8 எதிர்பார்க்கிறோம். 8 எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றுகூட வராமல் போகத் தற்செயலுக்கு உள்ள வாய்ப்பு மூவாயிரத்தில் ஒன்று. ஆகவே அங்கே பூஜ்யம் வந்தால் கன்வெர்ஷனைப் பதிவு செய்யும் டேக் வேலை செய்யவில்லை, அல்லது பணம் செலுத்தும் பக்கம் உடைந்திருக்கிறது என்று உடனே தேட வேண்டும். க்ளிக்குகள் நான்கில் ஒரு பங்காக இருந்து 2 மட்டுமே எதிர்பார்த்திருந்தால், பூஜ்யம் வர ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. அது எதையும் சொல்லாது. இப்படி ஒப்பிட, தொடங்குமுன்பே எதிர்பார்ப்பை எழுதி வைத்திருக்க வேண்டும்.

கூடையில் சேர்த்தவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சீக்கிரம் தீர்மானிக்கலாமா?

அது சீக்கிரம் வரும் குறியீடு என்பதால் உதவும். ஆனால் கூடையில் சேர்த்தவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற விகிதம் பிரச்சாரத்துக்குப் பிரச்சாரம் நிலையாக இருக்கிறதா என்று உங்கள் பழைய, முற்றிய தரவில் பார்த்த பிறகே நம்ப வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஈர்க்கும் விளம்பரம் கூடைகளை நிரப்பும். அவை வாங்குதலாக மாறாது.

தானியங்கி ஏல முறை பயன்படுத்துகிறோம். தாமதத்தை அதுவே பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு விளம்பர வாய்ப்புக்கும் எவ்வளவு விலை கேட்பது என்று இயந்திரமே தீர்மானிக்கும் கூகுளின் தானியங்கி ஏல முறை, இன்னும் வராத கன்வெர்ஷன்களைக் கணக்கில் கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதன் செயல்திறனை மதிப்பிடும்போது தாமதக் காலத்துக்குள் வரும் அண்மை நாட்களை விலக்கிப் பார்க்கும்படியும் கூகுள் அறிவுறுத்துகிறது. ஆனால் இயந்திரம் பொறுமையாக இருக்கும்போது மனிதர் பொறுமையிழந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை இலக்கை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்தின் விளைவும் தெரிவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிறகு யாராலும் பிரித்தறிய முடியாது.

பழைய வளைவை எப்போதும் நம்பலாமா?

இல்லை. வாங்குவோரின் அவசரம் மாறும்போது வளைவும் மாறும். தள்ளுபடிக்குக் கடைசி நாள் அறிவித்தால், அடுத்த வாரம் வாங்கவிருந்தவர்களும் முன்னதாகவே வாங்குவார்கள், வளைவு செங்குத்தாகும். பழைய விகிதமான 0.20-ஆல் வகுத்தால் இறுதி எண் மிகையாக வரும். பெரிய விற்பனைக் காலம் நெருங்குகிறது என்று தெரிந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். மக்கள் க்ளிக் செய்து பார்த்து வைத்துக்கொண்டு, வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். அந்நாட்களின் க்ளிக்குகள் முதலில் மோசமாகத் தெரிந்து, பிறகு ஒரேயடியாக நிமிரும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வாராவாரம் க்ளிக்குகளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மூன்று நாள் வயதிலிருந்து பத்து நாள் வயதுக்குள் எத்தனை மடங்காகிறது என்று குறித்து வாருங்கள். அந்த மடங்கு தெளிவாக நகர்ந்தால் வளைவைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.

அப்படியானால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அதுவரை பணம் கரைந்துகொண்டே இருக்குமே?

என் பரிந்துரை, மதிப்பிடப்போகும் காலத்தின் கடைசிக் க்ளிக்கும் 80 முதல் 90 சதவீத முதிர்ச்சியை எட்டும் வரை காத்திருப்பது. வார நாட்களின் ஏற்ற இறக்கம் சமப்பட ஏழு நாள் ஓட்டம் வேண்டும். நம் வளைவு 10 நாள் வயதில் 88 சதவீதத்தை எட்டுகிறது. ஆகவே 17-ஆம் நாள் முடிவில் பார்க்க வேண்டும். அப்போது ஏழு நாள் க்ளிக்குகளுக்கு இறுதியில் வரவேண்டிய 140 கன்வெர்ஷன்களில் ஏறத்தாழ 130 கையில் இருக்கும். பெருக்க வேண்டிய அளவு மிகச் சிறியது, தற்செயலின் பங்கும் சுருங்கிவிட்டது.

காத்திருப்பது என்றால் செலவழித்துக்கொண்டே இருப்பது என்று பொருளல்ல. ஏழு நாள் ஓட்டிவிட்டு பிரச்சாரத்தை நிறுத்தி வைத்து, அந்த 7000 க்ளிக்குகள் முதிர்வதை மட்டும் பத்து நாள் பார்க்கலாம். புதிதாக ஒரு அலகுகூடச் செலவாகாது. நிறுத்த மனமில்லை என்றால் தாங்கக்கூடிய அளவுக்கு பட்ஜெட்டைத் தாழ்த்தி ஓட்டலாம். எதுவாயினும், இந்தச் சோதனையில் அதிகபட்சம் எவ்வளவு இழக்கத் தயார் என்று தொடங்குமுன்பே முடிவு செய்திருந்தால், இரண்டாம் நாள் இரவின் பதற்றத்தில் புதிய முடிவு எதுவும் எடுக்க வேண்டியிருக்காது.

மேலாளர் தினமும் காலையில் எண் கேட்கிறார். ‘காத்திருங்கள்’ என்றால் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்கிறார். எதைக் காட்டுவது?

மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தினமும் அனுப்புங்கள்: க்ளிக் தேதி, அந்த வயதில் வந்திருக்க வேண்டிய கன்வெர்ஷன், உண்மையில் வந்தது. இலக்கு 120 அலகு என்றால் 2000 அலகு செலவான ஒரு நாள் கடைசியில் ஏறத்தாழ 17 கன்வெர்ஷன் தர வேண்டும். வளைவைக் கொண்டு அதை ஒவ்வொரு வயதுக்கும் பிரித்து எழுதினால் முதல் நாள் 2.5, மறுநாள் முடிவில் 4, ஏழு நாள் வயதில் 13 என்று வரும். செவ்வாய் இரவில் திங்கட்கிழமை வரியில் ‘எதிர்பார்ப்பு 4, வந்தது 5’ என்று இருக்கும். 500 அலகு என்ற எண் எங்கும் தோன்றாது.

ஒரு கன்வெர்ஷனுக்கான செலவைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், 80 சதவீத முதிர்ச்சியை எட்டாத நாட்களைச் சாம்பல் நிறத்தில் வைத்து மொத்தத்தில் சேர்க்காமல் விடுங்கள். முதல் ஒரு வாரத்துக்கும் மேலாக மொத்தம் காலியாகவே இருக்கும். எந்தத் தேதியில் அது நிரம்பத் தொடங்கும் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.